கொழுப்பு மாத்திரை தொடங்கியபின் கால் வலி: வலி வேறு, பலவீனம் வேறு

கம்பத்திலிருந்து விடியற்காலையில் கம்பம்மெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகளில் ஏற வேண்டுமென்றால், காலை நன்றாக உயர்த்தி வைத்து, தொடையை ஊன்றி எழும்ப வேண்டும். தோட்டத்தில் ஏலக்காய்ச் செடியின் தூரில், தரையோடு ஒட்டித்தான் காய்க்கும். நாள் முழுக்கக் குத்துக்காலிட்டும் குனிந்தும் எடுக்க வேண்டும். இப்படி வேலை செய்கிறவர்களுக்குக் கால் வலி புதிதல்ல. அதனால்தான் கொழுப்பு மாத்திரை தொடங்கிய பிறகு தொடை வலித்தால் சிலர் "வேலை வலிதான்" என்று மூன்று மாதம் தள்ளிவிடுகிறார்கள். வேறு சிலர் மறுநாளே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். இரண்டுமே ஆபத்து. எந்த வலியைப் பொறுத்துப் பார்க்கலாம், எதை அன்றைக்கே சொல்ல வேண்டும் என்று பிரித்தறிய வழி இருக்கிறது.

கொழுப்பு மாத்திரை என்று பொதுவாகச் சொல்வது ஸ்டாட்டின் வகை மருந்துகளை. மாத்திரை அட்டையைத் திருப்பி, பெரிய எழுத்தில் இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின் என்று கடைசியில் "ஸ்டாட்டின்" வந்தால் அதுதான். கல்லீரல் கொழுப்பைத் தயாரிக்கப் பயன்படுத்தும் ஒரு நொதியை இது தடுக்கிறது. அதனால் இரத்தத்தில் உள்ள கெட்ட கொழுப்பான எல்.டி.எல். குறைகிறது. மருந்து வேலை செய்ய வேண்டிய இடம் கல்லீரல். அங்கே உடைபடாமல் மிஞ்சுவது இரத்தத்தில் சுற்றும்போது தசைக்கும் போய்ச் சேருகிறது. தசையை அது எப்படிப் பாதிக்கிறது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. ஆனால் ஒன்று தெளிவு: இரத்தத்தில் மருந்தின் அளவு கூடக் கூட, தசை கெடும் வாய்ப்பும் கூடுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவதெல்லாம் எளிதில் புரியும்.

முதலில் ஒரு நல்ல செய்தி. மாத்திரை சாப்பிடும்போது வரும் தசை வலிகளில் பெரும்பாலானவை மாத்திரையால் வருபவை அல்ல. பல ஆய்வுகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2022இல் லான்செட் இதழில் வெளியான தொகுப்பாய்வில், ஸ்டாட்டின் சாப்பிட்டவர்களில் 100க்கு ஏறத்தாழ 27 பேர் சில ஆண்டுகளில் தசை வலி இருப்பதாகச் சொன்னார்கள். மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலும் கிட்டத்தட்ட அதே 27 பேர்தான் சொன்னார்கள். வித்தியாசம் தெரிந்தது முதல் ஆண்டில்தான். 1,000 பேருக்குச் சுமார் 11 பேர் கூடுதல். இதைக் காட்டி "உங்கள் வலி பொய்" என்று யாரும் சொல்லக் கூடாது. வலி நிஜம். காரணம் இடுப்பு நரம்பாகவோ, தைராய்டாகவோ, இரத்த ஓட்டமாகவோ இருக்கலாம் என்பதுதான் இதன் பொருள். அந்தக் கூடுதல் 11 பேரை எப்படி அடையாளம் காண்பது, அவர்களுக்குள்ளும் மிக அரிதாகத் தசை உண்மையிலேயே சிதைந்துகொண்டிருக்கும் ஒருவரை எப்படித் தவறவிடாமல் பிடிப்பது என்பதுதான் கேள்வி.

மாத்திரையால் வரும் தசை வலிக்கு ஒரு சாயல் உண்டு. இரண்டு காலிலும் ஒரே மாதிரி வரும். தொடை, பிட்டம், சில சமயம் கெண்டைக்கால் என்று பெரிய தசைகளில் வரும். கூர்மையாகக் குத்தாது. குடைச்சலாக, உளைச்சலாக, நிறைய மலை ஏறி இறங்கிய மறுநாள் இருப்பதுபோல இருக்கும். தசையை அமுக்கினால் வலிக்கும். பெரும்பாலும் மாத்திரை தொடங்கியோ, அளவைக் கூட்டியோ முதல் 4 முதல் 12 வாரத்துக்குள் தலைகாட்டும். பல வருடம் நிம்மதியாகச் சாப்பிட்டவருக்குத் திடீரென்று வந்தால், அளவு கூடியதா, வேறு ஏதாவது மருந்து புதிதாகச் சேர்ந்ததா என்று தேட வேண்டும்.

இந்தச் சாயலுக்குப் பொருந்தாத வலிகளும் உண்டு. ஒரு காலில் மட்டும் வலித்து, அந்தக் கால் வீங்கிச் சூடாக இருந்தால் அது இரத்தக்குழாயில் உறைகட்டியாக இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும். குறிப்பிட்ட தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்து, இரண்டு மூன்று நிமிடம் நின்றதும் விட்டுவிட்டால், அது காலுக்குப் போகும் இரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். அப்படிப்பட்டவருக்குக் கொழுப்பு மாத்திரை கட்டாயம் தேவை. அதை நிறுத்துவது தலைகீழான காரியம். பாதம் எரிவதும் மரத்துப்போவதும் சர்க்கரையால் நரம்பு கெட்டதன் அடையாளமாக இருக்கலாம். இடுப்பிலிருந்து பின்தொடை வழியாகக் கீழே இழுத்தால் முதுகெலும்பைப் பார்க்க வேண்டும்.

மலையடிவாரத்திலும் மேட்டிலும் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்றைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். மழைக்காலத்தில் காய்ச்சலோடு கெண்டைக்கால் தொட முடியாதபடி வலித்து, கண் சிவந்திருந்தால் எலிக்காய்ச்சலை முதலில் நினைக்க வேண்டும். கேரளப் பக்கத்தில் எலிப்பனி என்பார்கள். அதிலும் தசை நொதி இரத்தத்தில் ஏறும், சிறுநீரகம் கெடும், சிறுநீர் நிறம் மாறும். ஸ்டாட்டின் மட்டும் காய்ச்சல் தராது. காய்ச்சல் இருந்தால் "கொழுப்பு மாத்திரைதான் காரணம்" என்று முடிவு கட்டிவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

இனி வலியைவிட முக்கியமானதற்கு வருவோம். அது பலவீனம். வலித்தாலும் வேலை நடக்கிறதென்றால் அது வலி. வலி குறைவாக இருந்தும் கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லையென்றால் அது பலவீனம். அசதிக்கும் பலவீனத்துக்கும்கூட வித்தியாசம் இருக்கிறது. அசந்தவர் சிரமப்பட்டாவது எழுந்துவிடுவார். பலவீனமானவர் முயன்றாலும் எழ முடியாது. வீட்டிலேயே பார்க்கலாம். கை வைத்துக்கொள்ளும் பிடி இல்லாத சாதாரண நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மார்போடு கட்டிக்கொண்டு எழுந்து நில்லுங்கள். முன்பு சுலபமாக எழுந்தவர் இப்போது கையை ஊன்றினால்தான் எழ முடிகிறதா? குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டு எழும்போது செடியையோ சுவரையோ பிடிக்க வேண்டியிருக்கிறதா? ஜீப்பில் ஏறும்போது தொடையைக் கையால் தூக்கி வைக்க வேண்டியிருக்கிறதா? தலைக்குமேல் உள்ள பரணில் ஏதாவது வைக்கும்போது தோள் தளர்கிறதா? இவற்றில் ஏதாவது சில நாட்களில், சில வாரங்களில் புதிதாக வந்திருந்தால் அடுத்த மாதப் பரிசோதனை வரை காத்திருக்கக் கூடாது. முழங்கால் தேய்மானம் உள்ளவருக்கும் எழ முடியாமல் போகும். ஆனால் அவருக்குத் தடுப்பது மூட்டு வலி. இங்கே தடுப்பது தெம்பின்மை.

எப்போது சொல்ல வேண்டும் என்பதைக் காலக்கெடுவோடு சொல்லிவிடலாம். இரண்டு தொடையிலும் லேசான உளைச்சல், வேலைக்குத் தடையில்லை என்றால் மாத்திரையை நிறுத்தாமல், ஒரு வாரத்துக்குள் மருந்து எழுதிய மருத்துவரிடம் சொல்லுங்கள். வலி தூக்கத்தையோ வேலையையோ கெடுத்தால், அல்லது மேலே சொன்ன பலவீனம் புதிதாகத் தெரிந்தால், அன்றோ மறுநாளோ போய்விடுங்கள். அடுத்த வேளை மாத்திரையைப் போடலாமா என்பதையும் அவரிடமே கேளுங்கள். சிறுநீர் பால் கலக்காத கட்டன் சாயா நிறத்தில் போனாலோ, சிறுநீர் வெகுவாகக் குறைந்தாலோ, பலவீனம் மணிக்கணக்கில் கூடினாலோ ஸ்டாட்டினை அந்த நிமிடமே நிறுத்திவிட்டு, இரவானாலும் இரத்தப் பரிசோதனை வசதியும் உள்நோயாளிப் பிரிவும் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை பெருமளவில் உடையும்போது அதிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைக்கும். அந்தக் கறுப்பு நிறம் அதுதான். இப்படி நடப்பது மிக அபூர்வம். ஆனால் நடந்தால் ஒவ்வொரு மணி நேரமும் சிறுநீரகத்துக்குக் கணக்கு.

நிறுத்துவது பற்றி ஒரு எச்சரிக்கை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஸ்டாட்டின், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மூன்றும் ஒரே கேப்சூலில் அடங்கியதாகவே பலமுறை எழுதித் தருகிறார்கள். கால் வலிக்கிறதென்று அந்தக் கேப்சூலை நிறுத்தினால் இரத்தம் உறையாமல் காக்கும் மருந்தும் சேர்ந்து நின்றுவிடும். ஸ்டென்ட் அடைத்து மாரடைப்பு வரலாம். ஆகவே அட்டையில் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துப் பெயர் இருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். அவசரமென்றால் அட்டையோடு மருத்துவமனைக்கே போங்கள். மற்ற இரண்டையும் தனித்தனி மாத்திரையாகத் தந்து ஸ்டாட்டினை மட்டும் அவர்கள் நிறுத்துவார்கள்.

ஒருவரின் நிலையை எடுத்துக்காட்டாக வைத்து, பரிசோதனைகள் எப்படி நடக்கும் என்று பார்ப்போம். வயது 56, கம்பத்தைச் சேர்ந்த பெண், வண்டன்மேடு பக்கம் காய் எடுக்கப் போகிறவர். சர்க்கரை உண்டு. எல்.டி.எல். 168 இருந்ததால் கம்பத்தில் அடோர்வாஸ்டாட்டின் 40 மில்லிகிராம், இரவில் ஒன்று என்று எழுதித் தந்தார்கள். முதல் இரண்டு மாதம் ஒரு தொல்லையும் இல்லை. பிறகு மழையில் நனைந்த துணியோடு வேலை செய்து செய்து இடுப்பிலும் தொடை இடுக்கிலும் படர்தாமரை வந்தது. மேட்டில், கேரளப் பக்கம் இருந்த தோல் மருத்துவரிடம் காட்டினார். இட்ராகொனசோல் 200 மில்லிகிராம், தினமும், நான்கு வாரம். வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று அங்கே கேட்டபோது "சர்க்கரை மாத்திரை" என்று மட்டும் சொன்னார். கொழுப்பு மாத்திரை அவர் நினைவிலேயே இல்லை.

நடந்தது இதுதான். அடோர்வாஸ்டாட்டினை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதி ஒன்று இருக்கிறது. அதையேதான் இட்ராகொனசோல் அடைத்து நிறுத்துகிறது. குமுளி செக்போஸ்டில் கேட்டை மூடிவிட்டால் லோயர் கேம்ப் வரை வண்டி நிற்பதைப்போல, உடைபட வேண்டிய மருந்து இரத்தத்தில் தேங்குகிறது. இரண்டும் சேரும்போது இரத்தத்தில் அடோர்வாஸ்டாட்டினின் அளவு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. அவர் விழுங்கியது 40 மில்லிகிராம்தான். தசை உணர்ந்தது அதைவிட மிக அதிகம். சிம்வாஸ்டாட்டினோடு இன்னும் மோசம். அந்த இரண்டையும் சேர்க்கவே கூடாது. இருமல், நெஞ்சுச் சளிக்குத் தரும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகியவையும் இதே கேட்டை மூடுபவை. அசித்ரோமைசினுக்கு இந்தக் குணம் பெரிதாக இல்லை. இரத்த அழுத்தத்துக்கும் நெஞ்சு வலிக்கும் தரும் டில்டியாசெம், வெராபமில் ஓரளவு மூடும். யூரிக் அமில மூட்டு வலிக்கான கோல்சிசின் வேறு வழியில் தசையைத் தானும் சேர்ந்து தாக்கும். டிரைகிளிசரைடுக்குத் தரும் ஜெம்ஃபைப்ரோசிலை எந்த ஸ்டாட்டினோடும் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

எல்லையோர ஊர்களில் இது அதிகம் நேரக் காரணம் இருக்கிறது. சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் இந்தப் பக்கம் பார்ப்பார்கள். வேலை செய்யும் இடத்தில் காய்ச்சலோ சொறியோ வந்தால் அந்தப் பக்கம் பார்ப்பார்கள். இரண்டு சீட்டும் ஒரே மருத்துவரின் மேசைக்கு வருவதே இல்லை. மேட்டில் கேட்கும்போது "கொழுப்பு மாத்திரை" என்று தமிழில் சொன்னால் சில சமயம் புரியாது. "கொலஸ்ட்ரோள் குளிக" என்றால் மலையாளத்தில் உடனே புரியும். பலவீனத்தை அங்கே "பலக்குறவு" என்பார்கள், வலி "வேதன". வேதன என்று மட்டும் சொன்னால் வலி ஊசியோடு அனுப்பிவிடக்கூடும். எழுந்து நிற்க பலக்குறவு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும்விட மேல், மாத்திரை அட்டையையே காட்டுவது.

மூன்றாவது வாரம் அந்த அம்மாவுக்கு இரண்டு தொடையும் கனத்தன. செடித் தூரில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. ஜீப்பில் பக்கத்திலிருந்தவர்கள் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. சிறுநீர் நிறம் மாறவில்லை. கம்பத்தில் காட்டினார்.

அங்கே எழுதும் முதல் பரிசோதனை சி.பி.கே. டோட்டல். சில இடங்களில் சி.கே. என்று எழுதியிருக்கும். கிரியாட்டின் கைனேஸ் என்ற நொதி தசைக்குள் இருக்க வேண்டியது. தசை நார் சிதைந்தால் வெளியே கசிந்து இரத்தத்துக்கு வரும். எவ்வளவு கசிந்திருக்கிறது என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. சி.கே.எம்.பி. என்பது இதயத் தசைக்கான வேறு பரிசோதனை. லேபில் அதை எடுத்துவிடாமல் "டோட்டல்" என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வெறும் வயிறு தேவையில்லை.

ஆனால் இந்த எண்ணை எளிதில் கெடுத்துவிடக்கூடிய இரண்டு விஷயங்கள் உள்ளன. ஒன்று உடலுழைப்பு. பழக்கமில்லாத கடும் வேலை, மூட்டை தூக்குதல், நீண்ட மலையேற்றம் ஆகியவற்றுக்குப் பிறகு சில நாட்கள் வரை சி.பி.கே. தானாகவே உயர்ந்திருக்கும். ஆகவே அவசரமில்லாத நிலையில் இரண்டு மூன்று நாள் கடும் வேலையை விட்டுவிட்டு எடுப்பது நல்லது. அவசர அறிகுறி இருந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே எடுக்க வேண்டும். இரண்டாவது, ஊசி. தொடை வலிக்கிறதென்று இடுப்பில் வலி ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் இரத்தம் கொடுத்தால், ஊசி குத்திய தசையிலிருந்தும் நொதி கசிந்திருக்கும். அது மட்டுமல்ல. தசை உடைந்துகொண்டிருக்கும் நேரத்தில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகள் சிறுநீரகத்துக்கு இன்னொரு அடி. காரணம் தெரியும்வரை வலி ஊசி வேண்டாம்.

லேப் ரிப்போர்ட்டில் சி.பி.கே. எண்ணுக்குப் பக்கத்தில் இயல்பு அளவு அச்சிட்டிருக்கும். லேபுக்கு லேப் இது மாறும். பெண்களுக்கு மேல் வரம்பு 170 வாக்கிலும் ஆண்களுக்கு 200 வாக்கிலும் இருப்பதுண்டு. உங்கள் எண்ணை அந்த மேல் வரம்பால் வகுத்து, எத்தனை மடங்கு என்று பாருங்கள். மருத்துவர் பார்ப்பதும் அதைத்தான். வரம்புக்குள்ளோ 4 மடங்குக்குக் கீழோ இருந்தால் தசை பெரிதாகச் சிதையவில்லை. வலியைப் பொறுத்து மருந்தைத் தொடரவோ, 2 முதல் 4 வாரம் நிறுத்திப் பார்க்கவோ சொல்வார்கள். 4 மடங்குக்கு மேல் போய், அறிகுறியும் இருந்தால் நிறுத்திவிட்டுப் பின்தொடர்வார்கள். 10 மடங்கைத் தாண்டினால் உடனே நிறுத்தம், சிறுநீரகப் பரிசோதனை, தேவைப்பட்டால் மருத்துவமனையில் அனுமதி. அதே ஜீப்பில் வரும் மூட்டை சுமக்கும் ஒருவருக்கு 420 வந்தால் அது இரண்டு மடங்குதான். வேலையே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும். மூன்று நாள் ஓய்வுக்குப் பின் மறுபடி எடுத்தால் தெரிந்துவிடும்.

அந்த அம்மாவின் எண் 3,900. மேல் வரம்பு 170 என்றால், இது கிட்டத்தட்ட 23 மடங்கு. வேலை வலி என்று ஒதுக்க முடியாத எண்.

கூடவே எடுப்பவை ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்கின்றன. கிரியாட்டினின், பொட்டாசியம்: சிறுநீரகம் தாங்குகிறதா, உடைந்த தசையிலிருந்து பொட்டாசியம் வெளிவந்து இதயத் துடிப்பைக் கெடுக்கும் நிலையா? அவருக்குக் கிரியாட்டினின் 0.9, பழைய ரிப்போர்ட்டில் 0.8. பொட்டாசியம் சரி. பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருப்பதன் பயன் இங்கேதான். 1.2 என்பது ஒருவருக்கு வழக்கமானதாகவும் இன்னொருவருக்கு ஆரம்பச் சேதமாகவும் இருக்கலாம். சிறுநீர்ப் பரிசோதனையில் பட்டை நனைத்துப் பார்க்கும்போது இரத்தம் இருப்பதாகக் காட்டி, நுண்ணோக்கியில் சிவப்பணு ஒன்றுமில்லையென்றால் அது மயோகுளோபினாக இருக்கலாம். அவருக்கு இரண்டுமே இல்லை.

தைராய்டைப் பார்க்கும் டி.எஸ்.ஹெச். பரிசோதனை ஏன் என்று பலர் கேட்பார்கள். தைராய்டு குறைவு கொழுப்பையும் ஏற்றும், தசையையும் வலிக்கவைக்கும், சி.பி.கே.யையும் உயர்த்தும். தைராய்டு குறைவால் கொழுப்பு ஏறி, அதற்கு ஸ்டாட்டின் தந்து, தசை வலி வந்தபின் மாத்திரையைக் குறை சொல்வது நடக்கிறது. அப்படி இருந்தால் தைராய்டு மருந்து கொடுத்துச் சரிசெய்தபின்பே கொழுப்பைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். இவருக்கு அது சரியாக இருந்தது. விட்டமின் டி மிகவும் குறைந்திருந்தாலும் தொடை பலவீனம் வரும் என்பதால் சில மருத்துவர்கள் அதையும் பார்ப்பார்கள்.

கல்லீரல் பரிசோதனையில் ஒரு பொறி இருக்கிறது. அவருக்கு எஸ்.ஜி.ஓ.டி. 142, எஸ்.ஜி.பி.டி. 96 என்று வந்தது. பார்த்ததும் "கல்லீரல் கெட்டுவிட்டது" என்று தோன்றும். ஆனால் இந்த இரண்டு நொதிகளும் தசையிலும் உண்டு. தசை சிதைந்தால் இவையும் ஏறும், எஸ்.ஜி.ஓ.டி. கூடுதலாக ஏறும். கல்லீரலைக் காட்டும் பிலிருபினும் ஜி.ஜி.டி.யும் இயல்பாக இருந்ததால் கசிவு தசையிலிருந்துதான் என்று முடிவு செய்யலாம். சி.பி.கே. எடுக்காமல் கல்லீரல் பரிசோதனை மட்டும் எடுத்து, கல்லீரல் மருந்து தந்து அனுப்பினால் நோயாளி இன்னும் இரண்டு வாரம் அதே மாத்திரையோடு சுற்றுவார்.

அடோர்வாஸ்டாட்டின், இட்ராகொனசோல் இரண்டும் அன்றே நிறுத்தப்பட்டன. சிறுநீரகம் நன்றாக இருந்ததாலும் அவர் தண்ணீர் குடிக்கக்கூடிய நிலையில் இருந்ததாலும் அனுமதி தேவைப்படவில்லை. சிறுநீர் வெளிர் நிறத்தில் போகும் அளவுக்குத் தண்ணீர், ஒரு வாரம் வேலைக்குப் போகாமல் ஓய்வு, இரண்டாம் நாள் மறுபடி சி.பி.கே.யும் கிரியாட்டினினும். இதயமோ சிறுநீரகமோ கெட்டு, தண்ணீர் அளவு குறைத்திருப்பவர்கள் இப்படித் தாங்களாகக் குடிக்கக் கூடாது. இரண்டாம் நாள் 2,600, ஒரு வாரத்தில் 700, நான்காம் வாரம் 140. இட்ராகொனசோல் நிறுத்தியபின்னும் உடலில் இருந்து முழுவதும் வெளியேற ஒன்றிரண்டு வாரமாகும். அதனால் நிறுத்திய மறுநாளே எண் விழுந்துவிடாது. எண் கீழே போய்க்கொண்டிருக்கிறதா என்பதே முக்கியம். எண் இறங்கத் தொடங்கிய பிறகுதான் தெம்பு மெல்ல வந்தது. நாற்காலியில் கைகட்டி எழ மூன்று வாரம் ஆயிற்று.

எண் இறங்காமலே இருந்தால் வேறு கதை. ஸ்டாட்டின் நிறுத்தி இரண்டு மூன்று மாதமாகியும் சி.பி.கே. உயர்ந்தே இருந்து, பலவீனமும் தொடர்ந்தால், உடலின் எதிர்ப்பு சக்தியே தசையைத் தாக்கத் தொடங்கியிருக்கலாம். மிக அபூர்வமான இந்த நிலையைக் கண்டுபிடிக்க, ஸ்டாட்டின் தடுக்கும் அதே நொதிக்கு எதிரான எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை உண்டு. தசையின் மின் இயக்கத்தைப் பார்க்கும் ஈ.எம்.ஜி., சில சமயம் தசைத் துண்டு எடுத்துப் பார்ப்பது என்று போகும். பலவீனம் கூடிக்கொண்டே போனால் மூன்று மாதம்கூடக் காத்திருக்கக் கூடாது. இதற்கு நரம்பியல் அல்லது வாத நோய் நிபுணர் இருக்கும் பெரிய மருத்துவமனை வேண்டும். இவர்களுக்கு மறுபடி எந்த ஸ்டாட்டினும் தரக் கூடாது.

மற்றவர்களுக்கு அப்படியில்லை. சி.பி.கே. இயல்புக்கு வந்து, வலியும் போனபின் மறுபடி தொடங்கிப் பார்ப்பதுதான் முறை. மாத்திரைதான் காரணமா என்பதை உறுதியாகச் சொல்லும் பரிசோதனை இரத்தத்தில் இல்லை. நிறுத்தும்போது வலி போகிறதா, தொடங்கும்போது திரும்புகிறதா என்பதே சோதனை. நிறுத்தி நான்கு வாரமாகியும் வலி அப்படியே இருந்தால், சி.பி.கே.யும் இயல்பென்றால், குற்றவாளி வேறு யாரோ. அதனால் தேதி குறித்து வைப்பது மிக அவசியம். எந்த நாள் நிறுத்தினேன், எந்த நாள் வலி குறைந்தது, எந்த நாள் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்தேன் என்று காலண்டரிலேயே எழுதிவைக்கலாம். "கொஞ்சம் பரவாயில்லை" என்பதை வைத்து எந்த மருத்துவராலும் முடிவெடுக்க முடியாது.

மறுபடி தொடங்கும்போது குறைந்த அளவில், பெரும்பாலும் வேறு ஸ்டாட்டினில் தொடங்குவார்கள். இவருக்கு ரோசுவாஸ்டாட்டின் 5 மில்லிகிராம். அது அந்த அடைபடும் கேட் வழியாகப் பெரிதாகப் போவதில்லை என்பது ஒரு காரணம். தினமும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தருவதும் உண்டு. அப்படியும் எல்.டி.எல். இறங்காவிட்டால் எசெடிமைப் 10 மில்லிகிராம் சேர்ப்பார்கள். அது குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைக் குறைக்கும் வேறு வகை மருந்து. ஸ்டாட்டின் எதுவுமே ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பெம்பெடோயிக் அமிலம் என்ற மாத்திரையும் இந்தியாவில் கிடைக்கிறது. தசைக்குள் அது விழித்துக்கொள்ளாத மருந்து. அதை இயங்கவைக்கும் நொதி கல்லீரலில் உண்டு, தசையில் இல்லை.

நான்கு வாரத்துக்குப் பின் அவருடைய சி.பி.கே. 130. அளவை 10 மில்லிகிராமாகக் கூட்டி, அதன்பின் ஆறாவது வாரம் எல்.டி.எல். எடுக்கச் சொன்னார்கள், 92 வந்தது. மாதச் சர்க்கரைப் பரிசோதனையின்போது நாற்காலிச் சோதனையும் சேர்ந்துகொண்டது. படர்தாமரை முழுதாக ஆறியிருக்கவில்லை. இந்த முறை தோல் மருத்துவரிடம் போகும்போது ரோசுவாஸ்டாட்டின் அட்டையும் பழைய சி.பி.கே. ரிப்போர்ட்டும் பிளாஸ்டிக் கவரில் கூடவே போயின. கவரின் மேல் கொட்டை எழுத்தில் "இட்ராகொனசோல் + அடோர்வா: தசை பாதிப்பு, சி.பி.கே. 3,900" என்று கம்பத்து மருத்துவர் எழுதித் தந்திருந்தார், மேட்டில் படிப்பதற்காக அதையே ஆங்கிலத்திலும் கீழே. தோல் மருத்துவர் பூசும் களிம்போடு, ஸ்டாட்டினோடு பெரிதாக மோதாத டெர்பினஃபின் மாத்திரையை எழுதினார்.